அமைலேஸ், லைபேஸ் ஏறினால் கணையம்தானா? ரிப்போர்ட்டை வாசிக்கையில் நேரும் தவறுகள்

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேல் வயிற்றில் திடீரென்று கடும் வலி. ரத்தப் பரிசோதனையில் அமைலேஸ் 240, லைபேஸ் 110 என்று வருகிறது. அந்த ஆய்வகத்தின் கணக்கில் அமைலேஸுக்கு உச்ச அளவு 100, லைபேஸுக்கு 60. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. வயிற்று வலி இருக்கிறது, கணைய நொதிகள் இரண்டும் ஏறியிருக்கின்றன, அப்புறம் என்ன, கணைய அழற்சிதான் என்று தோன்றும்.

ஆனால் இவருக்குக் கணையம் நன்றாகத்தான் இருந்தது. மூட்டு வலிக்கு மாதக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் இவர். அதனால் இரைப்பையை அடுத்த சிறுகுடலில் புண் வந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கணைய நொதிகள் கலந்த குடல் நீர் வயிற்றறைக்குள் கசியும். அங்கிருந்து அது ரத்தத்தில் உறிஞ்சப்படும்போது இரண்டு எண்களும் ஏறும். இவருக்கு வேண்டியது அவசர அறுவை சிகிச்சை. கணைய அழற்சி என்று முடிவுகட்டிச் சலைன் ஏற்றிக் காத்திருந்தால், போகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

மூன்று மடங்கு என்ற கோட்டை மறப்பது

முதல் தவறு இதுதான். கணைய அழற்சி என்று சொல்ல உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் விதி 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறை. மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்கிறது அது. ஒன்று, கணையத்துக்கே உரிய வலி. இரண்டு, அமைலேஸோ லைபேஸோ உச்ச அளவைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது. மூன்று, ஸ்கேனில் கணையம் வீங்கித் தெரிவது. வெறுமனே 'ஏறியிருக்கிறது' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. நம் ஆளின் அமைலேஸ் 2.4 மடங்கு, லைபேஸ் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. அம்புக்குறியைப் பார்த்தவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறைவான ஏற்றம் பல இடங்களில் வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நொதிகள் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். குடலடைப்பு, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு, பித்தப்பை அழற்சி, சர்க்கரை நோயில் வரும் கீட்டோ அமிலநிலை ஆகியவற்றிலும் ஏறும். அமைலேஸுக்கு இன்னொரு சிக்கல்: அது உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருகிறது. அதனால் பொன்னுக்கு வீங்கியிலும் அது உயரும், லைபேஸ் சும்மா இருக்கும். மூன்று மடங்கைத் தாண்டிவிட்டால் மட்டும் மற்ற நோய்கள் எல்லாம் விலகிவிடும் என்றும் இல்லை. ஓட்டை விழுந்த குடலும் ரத்தம் போகாத குடலும் சில சமயம் அந்தக் கோட்டையும் தாண்டும்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? வலியின் நடத்தையை வைத்து. கணைய வலி பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஏறி உச்சத்துக்கு வந்து, இறங்காமல் அங்கேயே நிற்கும். பலருக்கு முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வாந்தியும் கூட வரும். ஓட்டை விழுந்தவரோ எந்த நொடியில் தொடங்கியது என்றே சொல்லிவிடுவார். அசைந்தால் வலிக்கும் என்பதால் அசையாமல் கிடப்பார். வயிறு பலகைபோல் இறுகியிருக்கும். நிற்க வைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன்தான் வழி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பும் மேல் வயிற்று வலியாகவே வரலாம். நொதி ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகலாம், இசிஜி எடுக்கப் பத்து நிமிடம் போதும். எனவே இசிஜிதான் முதலில்.

நேரத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பது

இப்போது எதிர்ப்பக்கத் தவறு. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர். ஞாயிறு இரவு சாப்பிட்டபின் வலி தொடங்கியது, முதுகுவரை போனது, இரண்டு நாள் வாந்தி. 'கேஸ்' என்று மாத்திரை போட்டுச் சமாளித்தார். வியாழன் காலையில்தான் ரத்தம் கொடுத்தார். அமைலேஸ் 92. உச்ச அளவு 100 என்பதால் எல்லாம் நார்மல் என்று திருப்பி அனுப்பப்பட இருந்தார். யாரோ ஒருவர் லைபேஸும் கேட்டதால் பிழைத்தார்: 640. உச்ச அளவு 60 என்னும்போது இது பத்து மடங்குக்கு மேல்.

இரண்டு நொதிகளும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டாலும் ரத்தத்தில் தங்கும் காலம் வேறு. அமைலேஸ் வலி தொடங்கி 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறி, 3 முதல் 5 நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். லைபேஸ் 4 முதல் 8 மணி நேரத்தில் ஏறும், ஒரு நாள் வாக்கில் உச்சம் தொடும், இறங்க 8 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெண்மணி வந்தது நான்காம் நாள். அமைலேஸ் வந்து போயாகிவிட்டது, லைபேஸ் இன்னும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இதனால்தான் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் லைபேஸைக் கேளுங்கள் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்பதால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை என்பதே என் கருத்தும்.

மறுமுனையிலும் இதே கதை. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால் இரண்டுமே நார்மலாக இருக்கலாம். வலி அப்படியே நீடித்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எண் இருக்கும். வலி எப்போது தொடங்கியது என்பது இருக்காது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும், மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

ஏமாற்றும் இன்னொரு நார்மல் உண்டு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு மிக அதிகமாக இருந்தால், அதுவே கணைய அழற்சிக்குக் காரணமாக இருந்துகொண்டு, அமைலேஸ் பரிசோதனையையும் குழப்பி எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். ஆய்வகக் குழாயில் ரத்தத்தின் மேல்நீர் பால்போல் வெளுத்திருந்தால் இதை நினைக்க வேண்டும். பல ஆண்டுகள் மதுவால் நைந்த கணையத்திலும் இப்படித்தான். சுரக்க அதிகம் மிச்சமில்லாததால் எண் பெரிதாக ஏறாது.

எண் பெரிதென்றால் நோயும் பெரிது என்று நினைப்பது

லைபேஸ் 3000 என்றதும் வீட்டிலுள்ளவர்கள் கலங்கிப்போகிறார்கள், 400 என்றால் மூச்சு விடுகிறார்கள். இரண்டுக்குமே அடிப்படை இல்லை. 3000 உள்ளவர் நான்கே நாளில் எழுந்து நடந்து போகலாம், 400 உள்ளவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். மூன்று மடங்கு என்ற கோட்டைத் தாண்டியதும் அந்த எண்ணின் வேலை முடிந்தது. நோய் எவ்வளவு தீவிரம் என்பதைச் சிறுநீர் போகிறதா, மூச்சு வேகமாகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா, ரத்த யூரியா முதல் 24 மணி நேரத்தில் குறைகிறதா ஏறுகிறதா என்பவைதான் சொல்லும். நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது தீவிர வகை.

எனவே தினமும் காலையில் லைபேஸ் எடுத்துப் பார்ப்பது வீண் செலவு. அதைவிடக் கெடுதல், அந்த எண் இறங்கும்வரை பட்டினி போடுவது. வலி தணிந்து, வாந்தி நின்று, பசி எடுத்தால் கொழுப்பு குறைந்த உணவைக் கொடுக்கலாம். எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாளே அவசரப்பட்டு எடுக்கும் சிடியும் இப்படித்தான். வலியும் நொதியும் பொருந்திவிட்டால் நோயைச் சொல்ல அது தேவையில்லை. கணையத் திசு எங்கே அழுகியிருக்கிறது என்பது 72 மணி நேரம் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும். முதல் நாள் எடுத்த படம் பார்க்க நன்றாக இருந்து பொய்யான நிம்மதி தரும். நோய் எதுவென்றே ஐயம் இருந்தால் மட்டும் அது உடனே தேவை.

காரணத்தைத் தேடாமல் நிறுத்திக்கொள்வது

கணைய அழற்சி என்று உறுதியானபின், ஏன் வந்தது என்று கேட்காமல் விடுவது கடைசித் தவறு. திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் இதனால்தான். பித்தப்பைக் கல்லும் மதுவும்தான் முக்கியக் காரணங்கள். அந்தப் பெண்மணிக்கு முதல் ரத்தத்திலேயே கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 210 இருந்தது. 150-க்கு மேல் போனால் பித்தக் கல் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு. அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் சிறு கற்கள் தெரிந்தன. குடலில் வாயு நிறைந்திருந்ததால் கணையம் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது, அதனால் குடும்பத்தார் ஸ்கேன் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்தார்கள். அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டதே பித்தப்பையைப் பார்க்கத்தான்.

கல் இல்லை, மது இல்லை என்றால் ட்ரைகிளிசரைட், கால்சியம், உட்கொள்ளும் மருந்துகள் என்று தேடல் போகும். ட்ரைகிளிசரைட் 1000-ஐத் தாண்டியிருந்தால் அதுவே காரணமாகலாம். இதை முதல் ரத்தத்திலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே அது மளமளவென்று இறங்கி, காரணம் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்தப் பெண்மணிக்கு நோய் லேசான வகையாக இருந்ததால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்தார்கள். கல்லை வைத்துக்கொண்டு அனுப்பினால் அடுத்த தாக்குதல் சில வாரங்களிலேயே வரலாம். ஒன்பதாம் நாள் கிளம்பும்போது, வழக்கப்படி எடுத்த ரத்தத்தில் லைபேஸ் 190.

"டாக்டர், இன்னும் மூணு மடங்குக்கு மேல இருக்கே, அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று மகன் கேட்டார்.

"வலி இருக்கா?"

"இல்லைங்க."

"சாப்பிட்டாங்களா?"

"நல்லா சாப்பிட்டாங்க."

டாக்டர் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டார்.