கல்விச் சுற்றுலா: பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு தங்கும் கல்விச் சுற்றுலாவுக்காகப் பள்ளிகள் அனுப்பும் கடிதங்களில் பகல் பொழுதுக்குக் குறையே இருக்காது. எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த இடத்தில் எவ்வளவு நேரம், என்ன உடை என்று எல்லாம் வந்துவிடும். இரவுக்கு மட்டும் 'தகுந்த பாதுகாப்புடன் தங்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று ஒரே வரி. பிள்ளையை முதல்முறையாக வெளியூரில் தங்க அனுப்பும் பெற்றோருக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் பிள்ளை யார் கதவைத் தட்டும், நமக்கு யார் சொல்வார்கள் என்பதைத்தான் அவர்கள் கடிதத்தில் தேடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 42 மாணவர்கள், அவர்களில் 24 பேர் பெண்கள். இரண்டு இரவு, மூன்று பகல். கடிதத்தில் 'மாணவர்களுடன் 6 பெரியவர்கள் வருகிறார்கள்' என்று இருக்கிறது. ஏழு பேருக்கு ஒருவர் என்று கணக்கும் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த ஆறில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியவர் இரவில் தூங்கியே ஆக வேண்டும், அவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. இன்னொருவர் அந்த ஊர் வழிகாட்டி. மாலையானதும் வீட்டுக்குப் போய்விடுவார். ஆக, இரவில் இருப்பவர்கள் நான்கு ஆசிரியர்கள்தான்.

இப்போது இரவு 11 மணிக்கு ஒரு மாணவிக்கு வாந்தியும் வயிற்று வலியும் வருகிறது. ஓர் ஆசிரியை அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். நால்வரில் அவர் ஒருவர்தான் பெண் என்றால், மீதி 23 மாணவிகள் தங்கியுள்ள பகுதியில் ஓர் ஆசிரியைகூட இல்லை. இரண்டு ஆசிரியைகள் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் இன்னொரு ஆசிரியைக்கும் அதே உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதுவும் தீர்ந்தது. இந்தக் குழுவுக்கு மூன்று ஆசிரியைகள், இரண்டு ஆசிரியர்கள் என ஐந்து பேர் தேவை. 'ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போது இங்கே யார் மிச்சம்?' என்று கேட்டுத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். கடிதத்திலும் அதை அப்படியே எழுதலாம்: 'உடன் வருவோர் 5 பேர்: ஆசிரியைகள் 3, ஆசிரியர்கள் 2. ஓட்டுநரும் வழிகாட்டியும் இந்தக் கணக்கில் இல்லை. ஒருவர் மாணவருடன் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் மற்ற நால்வரும் விடுதியில் இருப்பார்கள்.'

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'ஆசிரியர்கள் இரவு முழுவதும் விழித்திருந்து கண்காணிப்பார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு நடந்தவர்களால் அது முடியாது. முறை வைத்து விழிப்பதானால் யார் எந்த நேரத்தில் என்று அட்டவணை இருக்க வேண்டும். இல்லையென்றால் செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். 9.30க்கு அறை வாரியாகத் தலை எண்ணுதல், 10க்கு விளக்கணைப்பு, 11க்கு நடைபாதையில் ஒரு சுற்று, காலை 6க்கு மறுபடி எண்ணுதல். படிக்கட்டுக்கு அருகிலுள்ள அறையில் ஓர் ஆசிரியர் தங்குவார், அந்தக் கதவை எந்த நேரத்திலும் தட்டலாம், போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் அந்தக் கதவு காட்டப்படும். இதைப் படித்த தாய்தகப்பன் வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லி வைப்பார்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை பெயர் மட்டும் போதாது. முழு முகவரியும் வரவேற்பறைத் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஓர் அறைக்கு எத்தனை பேர், ஆளுக்கொரு கட்டிலா, குளியலறை அறைக்குள்ளேயா பொதுவா, அதே மாடியில் வெளியார் தங்குகிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். வெளியார் இருந்தால் மறைக்காமல் எழுதி, பிள்ளைகளின் அறைகள் எப்படி ஒதுக்கப்பட்டுள்ளன என்று விளக்குங்கள். 'அல்லது அதற்கு இணையான விடுதி' என்ற சொற்கள் கடிதத்தில் இருந்தால் இன்னும் முன்பதிவு முடியவில்லை என்றே பொருள். முடிந்த பிறகு கடிதம் அனுப்புவது நல்லது.

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது: எந்தப் பிள்ளை எந்த அறையில் என்ற பட்டியல். கடிதம் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் போய், யாரிடம் சேரும் என்று தெரியாது. அந்தப் பட்டியல் உடன் செல்லும் ஆசிரியர்களிடமும், பள்ளியில் பொறுப்பேற்றிருப்பவரிடமும் இருந்தால் போதும்.

உணவில் நடக்கும் தவறு, 'மூன்று வேளையும் உணவு வழங்கப்படும்' என்பது. முதல் நாள் காலை 6 மணிக்குப் புறப்பட்டு, மூன்றாம் நாள் இரவு 8 மணிக்குத் திரும்பினால் இடையில் காலை உணவு மூன்று, மதிய உணவு மூன்று, இரவு உணவு இரண்டு, மொத்தம் 8 வேளை. முதல் நாள் காலை உணவு வீட்டிலிருந்து வர வேண்டுமா, திரும்பும் நாளில் இரவு உணவு உண்டா என்பதில்தான் குழப்பம் வரும். அந்த இரண்டையும் தனியாக எழுதிவிட்டால் மற்றவை தானே தெளிவாகிவிடும்.

ஒவ்வாமைக்குப் படிவத்தில் 'உண்டு / இல்லை' என்று கட்டம் போடுவது ஆபத்து. எந்தப் பொருள், உடலில் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும், என்ன மருந்து, யார் கொடுப்பது என்று கேட்க வேண்டும். தோலில் லேசாகத் தடிப்பு வருவதும், தொண்டை வீங்கி மூச்சு அடைப்பதும் அந்தக் கட்டத்தில் ஒரே 'உண்டு' ஆகிவிடும். அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் பிள்ளை என்றால் அது பேருந்தின் அடியில் போகும் பெட்டியில் இருக்கக் கூடாது, கைப்பையில் எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்று கடிதமே சொல்ல வேண்டும். படிவத்தைத் திருப்பித் தரும் கடைசி நாள், சமையலறைக்குத் தகவல் சொல்லும் நாளுக்கு முன்னதாக இருக்கட்டும். புறப்படும் அன்று காலையில் கிடைக்கும் படிவத்தால் சமையலில் எதையும் மாற்ற முடியாது.

அவசர எண் என்று பள்ளி அலுவலகத் தொலைபேசியைக் கொடுப்பது மிகப் பரவலான தவறு. இரவில் அதை எடுக்க ஆளில்லை. பொறுப்பாசிரியரின் எண்ணை மட்டும் கொடுத்தாலும் சிக்கல்தான். பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமானால் பெற்றோர் எல்லோரும் அந்த ஓர் எண்ணையே அழைப்பார்கள். அதே நேரம் அவர் ஒரு மருத்துவருடன் பேச வேண்டியிருக்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் இருக்கலாம். அதனால் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று குழுவோடு செல்பவருடையது, உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும். மற்றது சுற்றுலாவுக்குப் போகாமல் ஊரிலேயே இருந்து, மூன்று நாளும் கைப்பேசியை அணைக்காமல் வைத்திருப்பவருடையது. தாமதம், நலம் விசாரிப்பு எல்லாம் இவருக்கு. பெயர்ப் பட்டியலும் பயணத் திட்டமும் இவர் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோர் தரும் எண்களிலும் இதே கவனம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் பழைய எண்ணை எடுத்துப் பயன்படுத்தாமல் புதிதாகக் கேளுங்கள். 'இந்த மூன்று நாட்களில் எடுக்கக்கூடிய எண்' என்றே கேளுங்கள். இரண்டாவது எண் வேறு வீட்டில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். தாயும் தந்தையும் ஒன்றாக வெளியூர் போயிருந்தால் அது கைகொடுக்கும். யாரையும் தொடர்புகொள்ள முடியாத நிலையில் மருத்துவர் சொல்லும் அவசர சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்ற வரியும், அதன் கீழ் கையெழுத்தும் இருக்க வேண்டும். பூர்த்தியான படிவங்களின் நகல் தாளில் ஒரு தொகுப்பாகக் குழுவோடு போகட்டும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தாளைப் படிக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஊரில் இருக்கும் பொறுப்பாளர் தம் எண்ணிலிருந்தே எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி அனுப்பி, பதில் கேட்க வேண்டும். பதில் வராத எண்களை அன்று மாலையே வகுப்பாசிரியர் அழைத்துச் சரிபார்க்கலாம்.