நீலம் வராமல் இழுத்த டைட்ரேஷன்

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ டைட்ரேஷனில் பார்க்கும்போது இண்டிகேட்டரின் ஒயின் சிவப்பு நீலமாக மாறாமல் ஊதாவிலேயே இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் இண்டிகேட்டரை மாற்றினேன், பலனில்லை. பிஎச் பார்த்தால் 9-க்கும் கீழே. பிஎச்சை 10-ல் நிறுத்த வேண்டிய பழைய பஃபர் பாட்டிலிலிருந்து அம்மோனியா ஆவியாகிப் போயிருந்தது. பிஎச் 10 இல்லாவிட்டால் ஈடிடிஏ மெக்னீசியத்தை இறுக்கிப் பிடிக்காது, அதனால்தான் முடிவுப்புள்ளி மங்குகிறது.

புது பஃபர் 2 மில்லி விட்டதும் நிறம் பளிச்சென்று மாறியது. பஃபர் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கால்சியம் கார்பனேட் படிந்துவிடலாம்.

50 மில்லி தண்ணீருக்கு 0.01 மோலார் ஈடிடிஏ 18.4 மில்லி செலவானது. அப்புறம் கணக்கு எளிது:

18.4 × 0.01 × 100 × 1000 ÷ 50 = 368 பிபிஎம்

அந்த 100, கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை. மெக்னீசியமும் இதே எண்ணுக்குள் கால்சியம் கார்பனேட்டாகவே கணக்காகிறது.