மலைப்பள்ளியில் வெளியேற்றப் பயிற்சி: தலை எண்ணிக்கை தப்பாமல் நடத்துவது எப்படி?

மணி அடித்தால் பிள்ளைகள் தாமாகவே வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே யாரும் இல்லை என்று உறுதியாகச் சொல்வதில்தான் பல பள்ளிகள் தடுமாறுகின்றன. ஏற்காட்டில் 180 பிள்ளைகள், ஆறு வகுப்புகள், இரண்டு படிக்கட்டுகள் உள்ள ஒரு மாடிப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

1. கூடும் இடம்

மலையில் மைதானம் பெரும்பாலும் சரிவை வெட்டி எடுத்ததாகவே இருக்கும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். தீ என்றால் கட்டடத்திலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, தீயணைப்பு வண்டி வரும் வழியை மறிக்காமல் நின்றால் போதும். அடைமழையில் அதே மைதானம் ஆபத்து. மண்சுவரோ தடுப்புச்சுவரோ சரியலாம், சில்வர் ஓக் கிளை முறியலாம். அதனால் மழைக்கால இடம் ஒன்றைத் தனியாகக் குறியுங்கள். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவரே தெரியமாட்டார், ஆகவே கூடும் இடத்தில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

2. யாருக்கு என்ன வேலை

தலைமை ஆசிரியர் மணி அடிக்கச் சொல்வார். மின்சாரம் போனாலும் ஒலிக்கிற கைமணி தேவை. வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் வருவார். சத்துணவு அமைப்பாளர் சிலிண்டரை மூடுவார். அலுவலக உதவியாளர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கேட்டைத் திறப்பார். 101, 108 எண்களுக்கு அழைக்கவும் ஒருவர் வேண்டும். பயிற்சியில் பேசிக் காட்டினால் போதும், அழைக்க வேண்டாம்.

மாடிக்கு ஒருவர், கீழ்த்தளத்துக்கு ஒருவர் என இரண்டு சோதனையாளர்கள் கடைசியாக வருவார்கள். கழிப்பறை, நூலகம், ஆய்வகம் எல்லாம் பார்த்து, கதவைச் சாத்த வேண்டும். பூட்டக் கூடாது.

3. எண்ணும்போது

காலைப் பதிவேட்டில் 171 பேர் வந்திருக்கிறார்கள், மைதானத்தில் எண்ணியது 170 என்று வைப்போம். ஏழாம் வகுப்பில்தான் ஒருவர் குறைவு. சாக்பீஸ் வாங்க அலுவலகம் போன பையன் அங்கிருந்தே வெளியேறி, எட்டாம் வகுப்பு வரிசையில் நிற்கிறான். எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் பிள்ளைகள் வந்ததைப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்துவிட்டார், கூடுதலாக நிற்பவனைக் கவனிக்கவில்லை. இவனைத் தேடி ஒருவர் திரும்ப உள்ளே போவதுதான் உண்மையான தீயில் உயிரைக் குடிக்கும். ஆகவே இரண்டு விதி: எங்கே வெளியேறினாலும் சொந்த வகுப்பு வரிசையில்தான் நிற்க வேண்டும், வகுப்பை விட்டு அனுப்பப்படுபவர் பெயர் கரும்பலகை ஓரத்தில் இருக்க வேண்டும், கிளம்பும்போது ஆசிரியர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. மறுஆய்வுப் படிவம்

அன்றே, ஒரே பக்கத்தில்:

- தேதி, வானிலை, எந்தக் கூடும் இடம்
- மணி அடித்த நேரம் / கடைசிப் பிள்ளை வந்த நேரம் / எண்ணிக்கை சரியான நேரம்
- வந்தவர், எண்ணப்பட்டவர், வித்தியாசம், காரணம்
- நெரிசல் எந்தப் படிக்கட்டில்
- மணி கேட்காத அறை
- சரிசெய்ய வேண்டியது, பொறுப்பாளர், கெடு

இரண்டாவது வரியில் கடைசி இரண்டு நேரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிள்ளைகள் 4 நிமிடத்தில் வந்து, எண்ண 7 நிமிடம் ஆனால் குறை படிக்கட்டில் இல்லை, பதிவேட்டில். அடுத்த பயிற்சியைச் சாப்பாட்டு நேரத்தில் வையுங்கள், அப்போது யாருமே சொந்த வகுப்பில் இருக்கமாட்டார்கள்.