கோட்டில் நிற்கும் குறி: இரண்டு கூற்றுகளையும் முடிவுகளையும் வென் படத்தால் சோதிக்கும் முறை

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலையின் பின்னறையில், ரயில்வேத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் கூடுவார்கள். தருக்கத் திறன் பகுதியை அவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன். இரண்டு கூற்றுகளைக் கொடுத்து முடிவுகள் பொருந்துமா என்று கேட்கும் வினாவுக்கு நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது எப்போதும் இதுதான்:

கூற்று 1: எல்லாத் தென்னைகளும் மரங்கள்.
கூற்று 2: சில மரங்கள் கள் தருபவை.
முடிவு 1: சில தென்னைகள் கள் தருபவை.
முடிவு 2: சில மரங்கள் தென்னைகள்.

முடிவு 1 பொருந்தாது என்று நான் சொன்னதும், சித்தூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்த எவரும் கேட்கக்கூடிய கேள்வியை ஒரு மாணவி கேட்டார்: "அண்ணா, நம்மூர்ல தென்னையிலதானுங்க கள்ளு எறக்கறாங்க? அப்புறம் எப்படிங்க அது வராம போகும்?" அவர் சொன்னது முழு உண்மை. ஆனால், தேர்வு கேட்பது முடிவு உண்மையா என்பதை அல்ல, கொடுக்கப்பட்ட இரண்டு கூற்றுகளிலிருந்து மட்டும் அது கட்டாயமாகக் கிடைக்கிறதா என்பதையே. நமக்குத் தெரிந்த தோப்பும் பாளையும் மனத்தில் நிற்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால்தான் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு வட்டங்களைக் கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

வட்டங்களை வரைவதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கணிதவியலாளர் ஆய்லரின் வழியில், கூற்று சொல்வதற்கு ஏற்ப ஒரு வட்டத்துக்குள் இன்னொன்றையோ, ஒன்றையொன்று வெட்டுமாறோ, தனித்தனியாகவோ வரைவார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மேலே உள்ள கூற்றுகளுக்கு மரம் என்ற வட்டத்துக்குள் தென்னையை வரைந்துவிட்டு, கள் என்ற வட்டத்தை மரத்தை வெட்டுமாறு வரையும்போது, கை தானாகவே அதைத் தென்னையின் மீதும் படுமாறு வரைந்துவிடும். தென்னையைத் தொடாமலும் அதை வரைந்திருக்கலாம் என்பது பிறகு நினைவுக்கு வராது. வரைந்த ஒரே படத்தைப் பார்த்து முடிவைச் சரி என்று குறித்துவிடுவோம். ஜான் வென் 1880-இல் முன்வைத்த முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் மூன்று வட்டங்களும் எந்த வினாவுக்கும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். நாம் அவற்றின் மீது நிழலிடுவதையும் குறியிடுவதையும் மட்டுமே செய்கிறோம்.

முதல் படி, வட்டங்களை வரைவது. இரண்டு கூற்றுகளிலும் வரும் சொல்லை முதலில் கண்டுபிடியுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது "மரம்". அதற்கான வட்டத்தை மேலே வலப்பக்கம் வரையுங்கள். முதல் கூற்றின் மற்றச் சொல்லான தென்னைக்கு மேலே இடப்பக்கமும், இரண்டாம் கூற்றின் மற்றச் சொல்லான கள் தருபவைக்குக் கீழே நடுவிலும், மூன்றும் ஒன்றையொன்று வெட்டும்படி வரைய வேண்டும். ஐந்து ரூபாய் நாணய அளவாவது இருந்தால்தான் உள்ளே எழுத இடம் கிடைக்கும். இப்போது வட்டங்களுக்குள் ஏழு அறைகள் இருக்கும். அவற்றுக்கு இப்படி எண்ணிடுங்கள்: தென்னை மட்டும் 1, மரம் மட்டும் 2, கள் மட்டும் 3, தென்னையும் மரமும் 4, மரமும் கள்ளும் 5, தென்னையும் கள்ளும் 6, மூன்றும் சேரும் நடு அறை 7. பழகும் வரையில் எண்களை எழுதியே வேலை செய்வது நல்லது.

இரண்டாம் படி, "எல்லா" என்றோ "எந்த… அல்ல" என்றோ வரும் கூற்றை நிழலிடுவது. நிழல் என்றால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள். எல்லாத் தென்னைகளும் மரங்கள் என்றால், மரத்துக்கு வெளியே தென்னை எதுவும் இல்லை. ஆகவே தென்னை வட்டத்தில் மரத்துக்கு வெளியே இருக்கும் 1, 6 ஆகிய இரண்டு அறைகளையும் சாய்கோடுகளால் அடித்துவிடுங்கள். பலர் 1-ஐ மட்டும் அடித்துவிட்டு 6-ஐ விட்டுவிடுகிறார்கள். அறை 6 கள் வட்டத்துக்குள் இருந்தாலும் மரத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

மூன்றாம் படிதான் இந்த முறையின் உயிர். "சில" என்று வரும் கூற்றுக்கு ஒரு பெருக்கல் குறி இட வேண்டும். இங்கே குறைந்தது ஒன்றாவது உண்டு என்பது அதன் பொருள். அன்றாடப் பேச்சில் "சில" என்றால் எல்லாம் அல்ல என்ற நினைப்பும் சேர்ந்தே வரும். தருக்கத்தில் அது கிடையாது, எல்லாமாகவும் இருக்கலாம். சில மரங்கள் கள் தருபவை என்பதற்கு மரமும் கள்ளும் சேரும் இடத்தில் குறி வேண்டும். அந்த இடமோ 5, 7 என்று இரண்டு அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. கள் தரும் அந்த மரம் தென்னையா, பனையா என்று கூற்று சொல்லவில்லை. சொல்லாததை நாம் தீர்மானிக்கக் கூடாது என்பதால், குறியை 5-இலும் வைக்காமல் 7-இலும் வைக்காமல், இரண்டையும் பிரிக்கும் தென்னை வட்டத்தின் கோட்டின் மீதே வைக்க வேண்டும். கோட்டின் மீது நிற்கும் குறி, "இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஏதோ ஒன்றில் உண்டு" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

நான்காம் படி, முடிவைப் படத்தில் படிப்பது. இப்போது புதிதாக எதையும் வரையக் கூடாது. முடிவு 1 சரியாக வேண்டுமானால் தென்னையும் கள்ளும் சேரும் 6, 7 அறைகளில் உறுதியாக ஒரு குறி இருக்க வேண்டும். அறை 6 நிழலிடப்பட்டுவிட்டது. அறை 7-இன் ஓரத்தில் நிற்பது கோட்டுக் குறிதான். அது 5-இன் பக்கமும் போகலாம். ஆகவே முடிவு 1 பொருந்தாது. அந்த மாணவிக்கு நான் காட்டியதும் இதைத்தான்: கள் தருபவை அனைத்தும் பனைகளாகவே இருக்கும் ஓர் ஊரிலும் இந்த இரண்டு கூற்றுகளும் அப்படியே உண்மையாக நிற்கும்.

முடிவு 2-க்கு வரும்போது தேர்வுக்கே உரிய ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இக்காலத் தருக்கவியலின்படி "எல்லாத் தென்னைகளும் மரங்கள்" என்ற கூற்று தென்னை ஒன்றாவது இருக்கிறது என்று உறுதி சொல்வதில்லை. நிழலை மட்டும்தான் தருகிறது, குறியைத் தருவதில்லை. ஆனால் வங்கி, ரயில்வே, பணியாளர் தேர்வாணையம் ஆகியவற்றின் விடைகள், பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது ஒன்றாவது உண்டு என்று கொண்டே அமைகின்றன. எனவே நிழலிட்ட பிறகு தென்னைக்காகவும் ஒரு குறி இடுங்கள். தென்னை வட்டத்தில் நிழல்படாமல் மீந்திருப்பவை 4, 7 மட்டுமே. குறி அவற்றுக்கு இடையிலுள்ள கள் வட்டத்தின் கோட்டில் நிற்கும். இதுவும் கோட்டுக் குறிதான் என்றாலும், இந்த முறை அது தடையாக இல்லை. குறி 4-இன் பக்கம் போனாலும் 7-இன் பக்கம் போனாலும் அது மரத்துக்குள்தான், தென்னைக்குள்தான். ஆகவே முடிவு 2 பொருந்தும். கோட்டில் குறியைக் கண்டவுடனே "பொருந்தாது" என்று எழுதிவிடுவது தவறு. இரு பக்கமும் முடிவு கேட்கும் இடத்துக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்த பிறகே விடையைக் குறிக்க வேண்டும்.

இதே கூற்றுகளுக்குக் கீழே "எந்தத் தென்னையும் கள் தருவது அல்ல" என்று மூன்றாவது முடிவு ஒன்று இருந்தால் என்ன செய்வது? அதற்கு 6, 7 இரண்டும் நிழலாக இருக்க வேண்டும். 7 நிழலாக இல்லை, ஆகவே அதுவும் தனியாகப் பொருந்தாது. ஆனால் முடிவு 1 அந்த இடத்தில் ஏதோ உண்டு என்கிறது, முடிவு 3 அதே இடம் காலி என்கிறது. ஓர் இடம் காலியாக இருக்கும் அல்லது காலியாக இராது. மூன்றாவது நிலை இல்லை. ஆகவே விடை "முடிவு 1 அல்லது முடிவு 3 பொருந்தும்" என்பதாகும். இந்த விடையைக் குறிப்பதற்கு முன், இரண்டு முடிவுகளும் அதே இரண்டு சொற்களைப் பற்றியவையா, இரண்டுமே தனித்தனியாகப் பொருந்தாதவையா என்று பாருங்கள். "எல்லா" என்பதும் "எந்த… அல்ல" என்பதும் இப்படிப்பட்ட இணை ஆகாது, ஏனெனில் சில உண்டு, சில இல்லை என்ற நிலையில் இரண்டுமே பொய்யாகிவிடும்.

இனி, படிகளின் வரிசை ஏன் மாறக் கூடாது என்பதற்கு இன்னொரு கணக்கு. கோபாலபுரம் சாலையில் தினமும் பார்க்கும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம்.

கூற்று 1: சில லாரிகள் காய்கறி வண்டிகள்.
கூற்று 2: எந்தக் காய்கறி வண்டியும் பால் வண்டி அல்ல.
முடிவு 1: சில லாரிகள் பால் வண்டிகள் அல்ல.
முடிவு 2: சில பால் வண்டிகள் லாரிகள் அல்ல.

பொதுச் சொல்லான காய்கறி வண்டி மேலே வலப்பக்கம், லாரி இடப்பக்கம், பால் வண்டி கீழே, எண்கள் முன்போலவே. "சில" முதலில் வருகிறது என்று குறியை முதலில் இட்டால், லாரியும் காய்கறியும் சேரும் 4, 7-க்கு நடுவே கோட்டில்தான் வைக்க முடியும். முடிவு 1 ஐயத்துக்குரியதாகத் தோன்றும். வினாவில் எந்த வரிசையில் இருந்தாலும் நிழலையே முதலில் இடுங்கள். கூற்று 2-இன்படி காய்கறியும் பாலும் சேரும் 5, 7 இரண்டையும் அடித்துவிட்டால், குறிக்கு மிஞ்சும் இடம் 4 மட்டுமே. அது கோட்டில் நிற்காமல் அறைக்குள்ளேயே விழுகிறது. அறை 4 லாரிக்குள்ளே, பால் வண்டிக்கு வெளியே இருப்பதால் முடிவு 1 பொருந்தும்.

முடிவு 2-ஐ அதன் திருப்பம்போல எண்ணிச் சேர்த்துக் குறித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். "சில லாரிகள் காய்கறி வண்டிகள்" என்பதைத் திருப்பி "சில காய்கறி வண்டிகள் லாரிகள்" என்று சொல்லலாம். "சில… அல்ல" என்பதை அப்படித் திருப்ப முடியாது. படத்தில் பாருங்கள்: பால் வண்டிக்குள்ளும் லாரிக்கு வெளியேயும் இருப்பவை 3, 5. அறை 5 நிழலில் போய்விட்டது. பால் வண்டி ஒன்றாவது உண்டு என்று குறி இட்டாலும் அது மீந்திருக்கும் 3, 6-க்கு இடையே கோட்டில் நிற்கும், 6-இன் பக்கம் போனால் அது லாரியாகிவிடும். மீனாட்சிபுரம் சாலையில் ஆட்டோவில் பால் கேன் போவதை நாம் கண்ணால் பார்த்திருந்தாலும், இந்தக் கூற்றுகளிலிருந்து முடிவு 2 கிடைக்காது. விடை "முடிவு 1 மட்டும் பொருந்தும்".

வினாத்தாளைத் தமிழில் எடுத்து எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டும். "எந்த மரமும் தென்னை அல்ல" என்பதற்கு நிழல். "எல்லா மரங்களும் தென்னை அல்ல" என்று வந்தால், தென்னை அல்லாத மரமும் உண்டு என்பதுதான் நம் மொழியில் அதன் இயல்பான பொருள்; அதற்குத் தென்னைக்கு வெளியே மரத்துக்குள் ஒரு குறியை மட்டும் இட வேண்டும். ஐயம் வந்தால், தேர்வுத் திரையில் அதே வினாவை வேறொரு மொழியிலும் பார்க்க வசதி இருக்கும்போது, மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு முறை பார்த்துவிட்டு நிழலா குறியா என்று முடிவு செய்யுங்கள்.