தீபாவளி அலங்காரம்: தொய்வுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் செய்யக்கூடாதவை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர்தான் அலுமாரிக்கு மேலிருந்து அலங்காரப் பெட்டி இறங்கும். அதைப் படுக்கையறையில் திறந்து, காய்ந்த துணியால் தட்டுவது முதல் தவறு. ஒரு வருடம் மூடிக்கிடந்த துணித் தோரணத்தில் தூசிப்பூச்சியின் கழிவும் பூஞ்சணமும் சேர்ந்திருக்கும். கொழும்பின் ஈரக்காற்று இரண்டையும் வளர்க்கும். தட்டும்போது கிளம்பும் தூசி அரைமணி நேரம் வரை காற்றில் நின்று, பிறகு மெத்தையில் படியும்.

பலருக்கு இது தெரியாமல் போக ஒரு காரணம் உண்டு. தூசி ஒவ்வாமையில் தும்மல் வந்து அடங்கிய பிறகும், பல மணி நேரம் கழித்து மூச்சுக்குழாய் மறுபடி வீங்கலாம். மாலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் இரவு ஒரு மணிக்கு இருமலும் இழுப்பும் வரும். பழி பகலில் குடித்த ஐஸ்கிறீமுக்குப் போய்விடும்.

பெட்டியைப் பகலில் பல்கனியில் திறவுங்கள். தொய்வில்லாத ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்கட்டும். பிள்ளை ஒரு மணி நேரமாவது அந்தப் பக்கம் வரவேண்டாம். பித்தளை, பிளாஸ்டிக் சாமான்களுக்கு ஈரத்துணி போதும். துணித் தோரணத்தை 60 பாகை வெந்நீரில் கழுவவேண்டும். சாயம் போகும் துணியென்றால் பொலித்தீன் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், ஆனால் கழிவை அகற்றாது. அலசாமல் விட்டால் பயனில்லை. திரும்ப எடுத்துவைக்கும்போது ஈரம் இழுக்கும் காட்போட் பெட்டி வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது.

அடுத்தது சாம்பிராணி. ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுவிட்டுப் புகை போடுவார்கள். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுக்காது, அதே புகையைத்தான் சுற்றவிடும். தணலை வாசலிலோ பல்கனியிலோ வையுங்கள். சாமியறைக்குத் திரியைக் குட்டையாக விட்ட ஒரு விளக்கு போதும். கற்பூரம், ஊதுபத்தி இரண்டும் இதே கணக்குத்தான். பூசை முடிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை அரைமணி நேரம் திறந்துவிடுங்கள். ஒழுங்கையில் வெடி கொளுத்தும் நேரம் மட்டும் சாத்தவேண்டும்.

புகை மணத்தைப் போக்க வாசனை ஸ்பிரே அடிப்பது அதைவிட மோசம். புகை அங்கேயே இருக்க, ஏற்கெனவே வீங்கிய மூச்சுக்குழாயை வாசனையும் சேர்ந்து சுருக்கும். "இயற்கை எண்ணெய்" என்று விற்பதும் விதிவிலக்கல்ல.

பூக்களில் செவ்வந்தியின் மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது, தூரம் பறக்காது. ஆகவே மாலையை நிலைவாசலில் கட்டலாம், கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது. மல்லிகையில் மணம்தான் தொல்லை. மூடிய அறையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூவில் மகரந்தம் இல்லையென்றாலும் தூசி பிடிக்கும்.

பெயின்ற் அடிப்பதென்றால் இரண்டு கிழமைக்கு முன்னரே முடியுங்கள். ஐப்பசி மழையில் அது காயவும் மணம் போகவும் நாளெடுக்கும்.

தடுப்பு இன்ஹேலரைப் பண்டிகை அலைச்சலில் விட்டுவிடாதீர்கள். நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதை எடுத்தும் ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்லமுடியாவிட்டால், அல்லது உதடு நீலம் பாய்ந்தால், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.