கன்னம் வலித்தால் சைனஸ்தானா?

கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் பாரமாக வலிக்கிறது, மூக்கு அடைக்கிறது, குனிந்தால் வலி கூடுகிறது. உடனே "எனக்குச் சைனஸ்" என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். சைனஸ் தலைவலி இருப்பதாக நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. தொற்று அறிகுறி இல்லாதவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் "சைனஸ்" என்று மாத்திரை விழுங்கும் பலரும் அப்படிப்பட்டவர்கள்தான்.

சரி, மைக்ரேனில் மூக்கு ஏன் அடைக்கிறது? நெற்றி, கன்னம், தாடை மூன்றின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. மைக்ரேன் வரும்போது இது தூண்டப்படுவதால் வலி முகத்தில் தெரிகிறது. அந்தத் தூண்டல் மூக்கு, கண்ணுக்குப் போகும் நரம்புகளையும் கிளப்பிவிடும். மூக்கடைப்பு, தண்ணீர்போல் ஒழுகல், கண்ணீர் எல்லாம் இப்படி வருபவை. ஆகவே மூக்கடைப்பை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

ஓர் உதாரணம். 34 வயதுப் பெண், மாதம் இரண்டு முறை, பெரும்பாலும் மாதவிடாயை ஒட்டி, கன்ன வலி. வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது, வேலை ஓடாமல் இருட்டறையில் படுக்கிறார். ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், இரண்டாம் நாள் வலி போய்விட்டது. மாத்திரை வேலை செய்ததென்று நம்பினார். மைக்ரேன் 4 மணி முதல் 72 மணி நேரத்தில் தானாகவே அடங்கும். மாத்திரை போடாமலிருந்தாலும் போயிருக்கும். இந்த ஒரு மயக்கம்தான் பலரை ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் தின்ன வைக்கிறது.

அப்புறம் ஸ்கேன். "சைனஸின் உட்சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது" என்ற வரி, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் சி.டி. ஸ்கேனிலும் சாதாரணமாக வரும். அது வலிக்குக் காரணம் என்று ஆகாது.

உண்மையான சைனஸ் தொற்றில் மஞ்சள் அல்லது பச்சைச் சளி, வாசனை குறைதல், சில சமயம் காய்ச்சல் சேர்ந்திருக்கும். சளி பிடித்து 10 நாளுக்கு மேல் தேறாமலோ, தேறிப் பிறகு மோசமாகியோ இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். மாறாக குமட்டல், வெளிச்சக் கூச்சம், அன்றாட வேலை தடைபடுதல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், மைக்ரேனா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சைனஸ் என்று நினைத்துச் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடலாம். பல மருந்துகள் கலந்த மாத்திரை என்றால் மாதத்தில் 10 நாள் போட்டாலே இப்படி ஆகலாம். வலி வந்த தேதி, உடன் வந்த தொந்தரவு, போட்ட மாத்திரை மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு, திடீரென இடிபோல் வந்த வலி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வலி: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.