குழந்தையும் அக்காவும் ஒரே அறையில்: ஒருவர் அழுது இன்னொருவர் எழாமல் தூங்கவைப்பது எப்படி?

எங்கள் வீடு இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை ஃப்ளாட். பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. அதுவரை அவன் எங்கள் அறையில்தான் தூங்கினான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குறைந்தது முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்கட்டும் என்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு முன் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் இரவில் மூன்று நான்கு முறை பாலுக்கு எழுகிறது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

முதலில் அறையைச் சத்தத்தின் கண்ணோடு பாருங்கள்

பகலில் கதவை மூடிக்கொண்டு அந்த அறையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். எங்கள் அறையில் மூன்று விஷயம் காதில் விழுந்தது. கதவின் கீல் கிறீச்சிட்டது, பீரோ கதவு இழுத்தால் 'டங்' என்றது, மூன்றாவது சின்னவனின் வெள்ளிக் கொலுசு. அவன் தூக்கத்தில் காலை உதைக்கும்போதெல்லாம் அது சிணுங்கும். எங்கள் அறையில் எங்களுக்குப் பழகிப்போனதால் கவனித்ததே இல்லை. கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம், மறுநாள் போடவேண்டிய யூனிஃபார்மை மாலையிலேயே ஹாலுக்குக் கொண்டுவந்தோம், இரவில் கொலுசைக் கழற்றினோம். கொலுசுக்கு மாமியாரிடம் கொஞ்சம் பேச்சு வாங்கினேன்.

தொட்டிலை ஒரு மூலையிலும் பெரியவளின் கட்டிலை எதிர் மூலையிலும் போடுங்கள். எழுந்ததும் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது; முகம் தெரிந்தால் விளையாட்டுதான். அதற்காகத் தொட்டில் மேல் துணி போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் கெடும். இருவரையும் ஒரே மெத்தையில் போடவும் கூடாது. தூளி கட்டும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் குழந்தை புரளத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும். அக்கா ஆசையாக வந்து ஆட்டும் அறையில் இது இன்னும் முக்கியம்.

பிறகு ஒரே சீரான சத்தம்

தூக்கத்தைக் கலைப்பது சத்தம் மட்டுமில்லை, அமைதியில் திடீரென்று வரும் மாற்றமும்தான். சீலிங் ஃபேனின் சீரான இரைச்சல் இருமலையும் முனகலையும் கொஞ்சம் மூடிவிடும். அது போதவில்லை என்றால் பழைய மொபைலில் மழைச் சத்தமோ வெறும் இரைச்சலோ ஓடவிடலாம். அதைத் தொட்டில் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டு மீட்டராவது தள்ளி, பெரியவள் பக்கமாக வையுங்கள். தொட்டில் இருக்கும் இடத்தில் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது. அங்கே நின்று தாழ்ந்த குரலில் பேசினாலும் கேட்க வேண்டும், அதுதான் என் அளவு. டைமர் வைக்காதீர்கள். நடு ராத்திரியில் சத்தம் சட்டென்று நின்றால் அதுவே எழுப்பிவிடும். கரண்ட் போய் ஃபேன் நிற்கும்போது இருவரும் எழுவதற்குப் புழுக்கம் பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

சின்னவன் முன்னால், பெரியவள் பின்னால்

நாங்கள் செய்வது இப்படி. ஏழேகாலுக்குச் சின்னவனுக்குப் பால். ஏழரைக்கு இருட்டறையில், மல்லாக்கப் படுக்கவைப்போம். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கிடையாது. அந்த நேரம் பெரியவள் ஹாலில் அப்பாவோடு சாப்பிடுவாள். பல் துலக்குவது, பாத்ரூம், கதை எல்லாமே ஹாலில்தான். எட்டரைக்கு அறைக்குள் போகும்போது அவளுக்குப் படுப்பதைத் தவிர வேறு வேலை இருக்கக்கூடாது. தண்ணீர் பாட்டில்கூட முன்பே கட்டில் பக்கம் இருக்கும்.

ஏன் ஒரு மணி நேர இடைவெளி? குழந்தை கண்ணை மூடியதும் கொஞ்ச நேரம் மேலோட்டமான தூக்கம். முதல் நாள் அவசரப்பட்டு எட்டு மணிக்கு முன்பே அவளைக் கூட்டிப்போனேன். செருப்புச் சத்தத்துக்கே அவன் எழுந்துவிட்டான். இப்போது உள்ளே போகும் முன் அவன் கையை மெல்லத் தூக்கி விடுவேன். துவண்டு விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். விரல் மடங்கினாலோ கை விறைத்தாலோ இன்னும் பத்து நிமிடம் காத்திருப்போம்.

அறைக்குள் மெதுவாகப் போவதைப் பகலில் விளையாட்டாகப் பழக்குங்கள். நாங்கள் 'பூனை நடை' என்றோம். இருட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் "ஏம்மா மெதுவா நடக்கணும்?" என்று உரக்கக் கேட்பாள். மதியத் தூக்கத்தையும் கவனியுங்கள். அவள் நாலரை மணி வரை தூங்கிய நாளில் எட்டரைக்குப் படுத்தாலும் ஒன்பதரை வரை பாட்டுதான்.

ராத்திரி அழுதால்

எல்லோரும் தவறுவது இங்கேதான். பெரியவள் எழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் சின்னவன் முனகியதும் ஓடிப்போய்த் தூக்கினேன். குழந்தைகள் ஒரு தூக்கச் சுற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கண்ணைத் திறக்காமலே முனகும், ஒரு குரல் அழும், தானாக அடங்கும். நான் தூக்கித் தூக்கி அவனை முழுசாக எழுப்பிக்கொண்டிருந்தேன். அக்காவோ அசையவே இல்லை.

காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில் வரும். எட்டரைக்குப் படுத்த நாலரை வயதுப் பிள்ளையை பதினோரு மணிக்குப் பக்கத்தில் அழும் குரல் அவ்வளவு எளிதில் எழுப்பாது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கம் மெலிந்திருக்கும், அப்போது ஒரு சிணுங்கல் போதும். அதனால் நள்ளிரவுக்கு முன் கதவருகே நின்று ஒரு நிமிடம் காது கொடுங்கள். அழுகை ஏறினால் மட்டும் உள்ளே போங்கள். நாலு மணிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பாலை ஹாலில் கொடுங்கள். லைட் போடாதீர்கள். தரையருகே மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும்.

பெரியவளிடம் பகலிலேயே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: "தம்பி அழுதா அம்மா வருவேன், நீ எந்திரிக்க வேண்டாம்." இதை நான் சொல்ல மறந்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டிலுக்குள் அவள் தலையணையும் யானைப் பொம்மையும் கிடக்கின்றன. "அழுதான், அதான் குடுத்தேன்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் குழந்தை முகத்தருகே தலையணை ஆபத்து. அன்றிலிருந்து தொட்டிலுக்குள் எதுவும் போடக்கூடாது, தம்பியைத் தூக்கக்கூடாது என்று தினமும் படுக்கும் முன் அவளையே சொல்லவைக்கிறோம். அந்த அறையில் ஒரு பேபி மானிட்டரும் வைத்தோம்.

காலை

ஐந்தரைக்கு யார் முதலில் எழுகிறாரோ அவரை உடனே வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். குக்கரை ஆறரைக்கு முன் வைப்பதில்லை. கோயில் ஸ்பீக்கரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளி விடுமுறையில் ஆரம்பியுங்கள். எங்களுக்கு இரண்டாவது இரவு மோசம். பத்து நாளில் ஓரளவு படிந்தது. சளி, காய்ச்சல், பல் முளைக்கும் நாட்களில் இந்த ஏற்பாடு நிற்காது. அப்போது பெரியவளை இடம் மாற்றுங்கள், சின்னவனை அல்ல. அவளைத் தூக்கத்திலேயே தூக்கிவந்து படுக்கவைத்தால் எழமாட்டாள். அதற்காக எங்கள் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன மெத்தை எப்போதும் சுருட்டி நிற்கிறது.